பேர் கேட்காத பரீட்சை

முதலில் என் மடத்தனத்தைச் சொல்லிவிடுகிறேன். அப்போதுதான் மற்றவர்களைப் பற்றிச் சொல்ல எனக்குக் கொஞ்சமாவது யோக்கியதை வரும்.

வேலைக்குச் சேர்ந்த முதல் வருஷம், ஒன்றாம் வகுப்பில் ‘பேசுதல்’ என்ற திறனுக்கு நான் முழு மதிப்பெண் போட்ட பையன் ஒருவன் உண்மையில் பேசவே இல்லை. எழுந்து நின்றான். கையைக் கட்டினான். “பசு ஒரு வீட்டு விலங்கு. பசு பால் தரும். பசுவின் சாணம் எருவாகும்” என்று மூச்சுவிடாமல் ஒப்பித்தான். எனக்குப் புல்லரித்தது. பக்கத்தில் கூப்பிட்டுத் தட்டிக்கொடுத்து, “காலையில என்னப்பா சாப்புட்ட?” என்று கேட்டேன். “பசுவுக்கு நான்கு கால்கள் உண்டு” என்றான். அப்போதும் எனக்கு உறைக்கவில்லை. பக்கத்து வகுப்பு டீச்சரிடம் போய், “என் கிளாஸ்ல ஒரு பய இருக்கான், பேச்சுல புலி” என்று பெருமையடித்துவிட்டு வந்தேன். அந்தப் புலி, கண்மாய்க்குள் விட்டாலும் நாலு காலோடு நின்றிருக்கும். “தண்ணியில விழுந்துட்டேன், தூக்குங்க” என்று சொல்லத் தெரிந்திருக்காது.

பள்ளிக்கூடம் அருப்புக்கோட்டையிலிருந்து திருச்சுழி போகிற ரோட்டை விட்டு உள்ளே தள்ளி இருந்தது. மிஷன் பள்ளிக்கூடம். நீளமான ஒரே கட்டடம். வகுப்புக்கும் வகுப்புக்கும் நடுவில் தட்டி. மூன்றாம் வகுப்பில் வாய்ப்பாடு சொன்னால் ஒன்றாம் வகுப்பில் எனக்கு மனப்பாடம் ஆகும். சுற்றிலும் கம்பும் பருத்தியும் சீமைக் கருவேலும், மழை பெய்தால் விவசாயம், பெய்யாவிட்டால் ஆடு.

தலைமையாசிரியரைப் பெரிய சார் என்போம். நாலு தலைமுறையாக மிஷன் கோயிலில் வேதம் வாசிக்கிற குடும்பம். ஞாயிற்றுக்கிழமை அவர் வாசித்தால் ஒலிபெருக்கி தேவையில்லை. தூரத்துப் பந்தல்குடி ரோட்டில் போகிற லாரிக்காரன் பிரேக் போடுவான். நல்ல மனிதர். கெட்டவராக இருந்திருந்தால் சண்டை போடுவது எனக்கு எவ்வளவோ சுலபமாக இருந்திருக்கும். பேச்சு என்றால் அவருக்கு ஒன்றுதான்: நிமிர்ந்து நில், உரக்கச் சொல், சுத்தமாகச் சொல்.

ஆகவே வருஷக் கடைசியில் ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு அவரே வாய்மொழித் தேர்வு வைப்பார். பிள்ளையை ஒரு முக்காலியின் மேல் ஏற்றுவார். மூன்று கேள்வி. உன் பெயர் என்ன? உன் தந்தையின் பெயர் என்ன? உன் ஊர் எது? அதற்குப் பிறகு ஒரு பாட்டு. இதில் தேறாத பிள்ளையின் தகப்பனைக் கூப்பிட்டு விடுவார். யாரையும் அதே வகுப்பில் நிறுத்தக்கூடாது என்று மேலிடத்து உத்தரவு இருந்ததால், “நாங்க நிறுத்தல. இன்னொரு வருஷம் ஒண்ணாப்புலயே இருக்கட்டும்னு நீங்களா கேட்டுக்கிட்டதா இருக்கட்டும்” என்பார். தகப்பன்மாரும் தலையாட்டிவிட்டுப் போவார்கள். பெரிய சாரிடம் தலையை வேறு எந்தப் பக்கமும் ஆட்ட முடியாது.

இடையில் எனக்குக் கொஞ்சம் புத்தி வந்தது. அருப்புக்கோட்டையில் நடந்த ஆசிரியர் பயிற்சி ஒன்றில், போண்டாவுக்கும் தூக்கத்துக்கும் நடுவே ஒரு வாக்கியம் காதில் விழுந்தது: சின்னப் பிள்ளையின் பேச்சை அளக்க வேண்டுமானால், அது பேசிக்கொண்டிருக்கிற இடத்துக்கு நீ போ. மிச்ச நேரம் தூங்கிவிட்டேன். அந்த ஒன்றே என்னைப் பாடாய்ப் படுத்தப் போதுமானதாக இருந்தது.

படம் காட்டிப் பேச வைக்கலாம் என்று பஞ்சுக்கடையில் பழைய காலண்டர் வாங்கி வந்தேன். அருவி, பனிமலை, படகு. பிள்ளைகள் பார்த்தார்கள். அருவியைப் பார்த்து எங்கள் ஊர்ப் பிள்ளை என்ன சொல்லும்? “தண்ணி” என்றது. அதோடு முடிந்தது. சரி என்று நானே சாக்பீஸை எடுத்து ஓர் ஆடு வரைந்தேன். வகுப்பு இரண்டாகப் பிளந்தது. “நாயி” என்றது ஒரு கூட்டம். “இல்லலே, பன்னிக்குட்டி” என்றது மறு கூட்டம். “அப்ப கொம்பு எதுக்குடா இருக்கு?” என்றேன். “அது கொம்பா சார்? காதுன்னுல்ல நெனச்சோம்.” ஏன் நாய், ஏன் பன்றி என்று ஆளாளுக்குக் காரணம் சொன்னார்கள். மணி அடித்தும் ஓயவில்லை. என் ஆயுளில் நான் வரைந்த படங்களிலேயே அதிகம் பேசப்பட்டது அதுதான்.

அன்றிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாகக் கற்றுக்கொண்டேன். ‘இது என்ன?’ என்று கேட்டால் ஒரு சொல்தான் வரும். படத்தில் ஏதாவது நடந்துகொண்டிருக்க வேண்டும்: ஆடு எட்டிப் பார்க்கிறது, வாளி கவிழ்ந்து கிடக்கிறது, ஒருவர் கம்பை ஓங்கியிருக்கிறார். ‘என்ன ஆச்சு? இனி என்ன ஆகும்?’ என்று கேட்டால் கதை வரும். கேட்ட பிறகு நாம் வாயை மூட வேண்டும். எனக்கு அது பெரிய தண்டனை. மனசுக்குள் ஒரு பாட்டின் பல்லவியை முழுசாகப் பாடி முடித்துவிட்டுத்தான் அடுத்த கேள்வி என்று சட்டம் வைத்துக்கொண்டேன். பிள்ளை நடுவில் ‘கெவுத்திருச்சு’ என்றால், ‘கவிழ்த்துவிட்டது என்று சொல்’ எனக் குறுக்கே பாயக்கூடாது. திருத்திய இடத்தில் கதை செத்துவிடும். தனியாகக் கேட்டால் ஒற்றைச் சொல் பேசுகிறவன் கூட்டாளியோடு உட்கார வைத்தால் ஒன்பது பேசுவான். முக்கியமாக, அவர்கள் முன்னால் எதையும் எழுதக்கூடாது. பென்சிலை எடுத்தால் போலீஸ்காரனைக் கண்டதுபோல் ஆகிவிடுகிறார்கள். மத்தியானம் அவர்கள் சாப்பிடப் போன பிறகு, துண்டுத் தாளில் ஒரு வரி எழுதுவேன்: இன்னார் இன்றைக்குத் தானாகக் கேள்வி கேட்டான், இன்னாள் நடந்ததை வரிசையாகச் சொன்னாள். ஒரு நாளை வைத்து யாரையும் முடிவுகட்டக்கூடாது. எனக்கே திங்கட்கிழமை பேச்சு வராது.

இப்போது அந்தப் பிள்ளைக்கு வருகிறேன். அதுவரை இரண்டு வருஷமாக அவள் என்னிடம் நேராக ஒரு வார்த்தை பேசியதில்லை. ஆஜர் எடுக்கும்போது கையை மட்டும் தூக்குவாள். போன வருஷமே பெரிய சாரின் முக்காலியில் ஏறி, மூன்று கேள்விக்கும் ஊமையாக நின்று, அழுதுகொண்டே இறங்கினாள். ஆகவே ஒன்றாம் வகுப்பில் அது அவளுக்கு இரண்டாம் வருஷம். இந்த முறையும் ஏறினாள், நின்றாள், அழுதாள். அவள் அப்பாவுக்கு ஆள் போயிற்று.

அவர் சொன்ன பதில் எனக்கும் வந்து சேர்ந்தது. “மூணாவது வருசமும் ஒண்ணாப்புலயே குந்த வைக்கவா? அதுக்கு ஆட்டப் பத்திக்கிட்டுப் போகட்டும். எனக்கும் ஒத்தாசையா இருக்கும்.” நாலு குறுக்கம் மானாவாரி நிலமும் ஒரு கிடை ஆடும் வைத்திருந்த மனிதர். சும்மா மிரட்டுகிற ஆள் இல்லை. வெள்ளிக்கிழமை வருவதாகச் சொல்லியிருந்தார். அவர் தலையாட்டினால் பிள்ளையின் பள்ளிக்கூடம் அத்தோடு சரி.

ஆனால் அவள் பேசுவாள் என்பது எனக்குத் தெரியும். தை மாதத்திலிருந்தே தெரியும்.

வகுப்பின் பின்பக்கம் பலகைகளை வரிசையாகப் போட்டு பஸ் விளையாட விட்டிருந்தேன். நான் முதுகைக் காட்டி உட்கார்ந்து பென்சில் சீவுவதாகப் பாவனை செய்வேன். அந்த வருஷம் என்னைப்போலப் பென்சில் சீவியவன் ஜில்லாவிலேயே கிடையாது. ஒரு நாள் பின்னாலிருந்து ஒரு கண்டக்டரின் குரல் கேட்டது. “உள்ள போ, உள்ள போ. திருச்சுழியெல்லாம் முன்னாடி வா. ஏய்யா, ஊரு வர்ற வரைக்கும் தூங்கிட்டு எறங்கையில என்னய வையுற?” யாரென்று திரும்பிப் பார்க்க ஆசை. திரும்பினால் பஸ் நின்றுவிடும். ஓரக்கண்ணால் பார்த்தேன். அவளேதான். காதில் புளியங்குச்சி பென்சில், கையில் வேப்பிலை டிக்கெட். சண்டை போட்டாள், சமாதானம் செய்தாள், வழி சொன்னாள், டிரைவரிடம் என்னைப் பற்றிக் கோள் சொன்னாள். அதற்குப் பிறகு வாராவாரம் கேட்டேன். பேச்சில் குறை இருப்பதாக ஒரு தாளிலும் நான் எழுத நேரவில்லை.

அப்படியானால் முக்காலியில் ஏன் வாய் திறக்கவில்லை? புதன்கிழமை அவள் அம்மா கூப்பிட வந்தபோது விடை கிடைத்தது. வாசலில் நின்று, “ஏலா, சின்னவளே!” என்றார். நான் பிள்ளையின் ஆஜர்ப் பேரைச் சொல்லி, “அப்படித்தான கூப்புடணும்?” என்று சிரித்தேன். அந்த அம்மா வாயைப் பொத்திக்கொண்டார்.

“ஆத்தாடி! அது எங்க மாமியா பேருல்ல சார்! அவுக பேர வச்சதோட சரி. வீட்டுல யாரும் சொல்ல மாட்டோம். இவ ஒருக்கா சொல்லிட்டா, வாயிலயே ஒண்ணு வச்சேன்.”

“அவுக அப்பா பேரு?”

“அத எப்பிடி சார் பிள்ள சொல்லும்?”

நான் நின்ற இடத்திலேயே என் தலையில் குட்டிக்கொண்டேன். என் அம்மா சாகிறவரை என் அப்பா பேரைச் சொன்னதில்லை. ரேஷன் கடையில் கேட்டால் என்னை முன்னால் தள்ளிவிடுவார். அந்த வீட்டில் பிறந்த எனக்கே இது தோன்றவில்லை. முதல் கேள்வி பாட்டி பேர், இரண்டாவது அப்பா பேர். இரண்டும் அடி வாங்கித் தருகிற பேர். மூன்றாவது கேள்வி வருவதற்குள் பிள்ளைக்கு அழுகை வந்துவிடுகிறது. நாம் பேச்சுக்கு வைத்த பரீட்சையில் அவள் தன் வீட்டு மரியாதையைக் காப்பாற்றி, இரண்டு வருஷம் தோற்றிருக்கிறாள்.

ஓடிப்போய்ப் பெரிய சாரிடம் சொன்னேன். அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார்.

“தம்பி, பேரு சொல்லத்தானே வைக்கிறது? பேரச் சொல்லாத பிள்ளை நாளைக்கு எங்க போய்ப் பொழைக்கும்?”

“சொல்லத் தெரியாதது வேற, சொல்லக்கூடாதுன்னு இருக்கிறது வேற சார்.”

“அவுக அப்பா வரும்போது பேச வச்சுக் காட்டுங்க.”

“பேச வைக்க மாட்டேன் சார்” என்றேன். எனக்கே ஆச்சரியமாக இருந்தது. சம்பளப் பட்டியல் போடுகிறவரிடம் நான் அதுவரை ‘மாட்டேன்’ என்ற வார்த்தையைப் பயன்படுத்தியதில்லை. “அவ பேசுவா. நீங்க வந்து கேளுங்க. ஒரே ஒரு நிபந்தனை. ஒண்ணும் கேட்கக்கூடாது.”

“ஒண்ணும் கேட்காம ஒரு பரீட்சையா?”

“ஆமா சார்.”

வெள்ளிக்கிழமை பிள்ளையின் அப்பா வந்தார். தோளில் துண்டு, காலில் டயர் செருப்பு. தரையில் உட்காரச் சொன்னேன். வகுப்பின் மூலையில் சம்மணம் போட்டார். பெரிய சார் கஞ்சி போட்ட வேட்டியோடு உட்கார மாட்டார் என்பது தெரிந்ததுதான். கையைப் பின்னால் கட்டிக்கொண்டு பலகைகளின் ஓரத்தில் நின்றார். கேள்வி கேட்காவிட்டாலும் அவர் நிற்பதே ஒரு கேள்வி மாதிரி இருக்கும்.

பஸ் கிளம்பவில்லை. டிரைவர் பயல் ஸ்டியரிங்கை விட்டுவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டான். பயணிகள் எல்லாம் பிரேயருக்கு நிற்பதுபோல் ஆகிவிட்டார்கள். கண்டக்டர் தரையைப் பார்த்தாள். நான் ஒரு பயணியாகப் பலகையில் ஏறினேன். பக்கத்தில் ஆடாக நடிக்கிற பயல், நாலு காலில். வழக்கமாக இந்நேரம் பயணிகளுக்கு வசவு விழுந்திருக்கும். ஒன்றும் விழவில்லை. மனசுக்குள் பல்லவியைப் பாடினேன். சரணமும் பாடினேன். வேறு பாட்டும் தொடங்கினேன்.

“பாத்தீங்களா...” என்று பெரிய சார் ஆரம்பித்தார்.

நான் உதட்டில் விரலை வைத்து, “உஸ்” என்றேன்.

தட்டிக்கு அந்தப் பக்கம் மூன்றாம் வகுப்பு வாய்ப்பாடுகூட நின்றுவிட்டது. அந்தப் பள்ளிக்கூடத்தின் சரித்திரத்தில் பெரிய சாரை ‘உஸ்’ என்றவன் நான் ஒருவன்தான் என்று நினைக்கிறேன். அவர் முகம் சிவந்தது. எடுத்த விரலைக் கீழே இறக்க எனக்குத் தைரியம் வரவில்லை, அப்படியே வைத்திருந்தேன்.

எங்கள் ஆட்டுக்குப் பொறுமை கிடையாது. சும்மா நின்று அலுத்த அந்தப் பயல், முன்னால் இருந்த பிள்ளையின் ரிப்பனைக் கடித்து இழுத்தான்.

“ஏலே! ஆட்ட யாருய்யா பஸ்ஸுக்குள்ள ஏத்துனது?”

கண்டக்டர் நிமிர்ந்துவிட்டாள்.

“ஆடு இல்லம்மா” என்றேன். “இவுக என் மச்சான்.”

“மச்சான் எதுக்கு ரிப்பனத் திங்காரு?”

“காலையில சாப்புடல.”

“சாப்புடாம எதுக்குக் கூட்டியாந்தீக? போன வாரமும் இப்பிடித்தான் ஒரு ஆளு கெடாய ஏத்திட்டு வந்து, அது ஒரு அம்மா சேலையில ஒண்ணுக்கு இருந்து, அந்தம்மா என்னயத்தான வஞ்சுச்சு? மச்சானுக்கு லக்கேஜு போடுவேன். இல்லாட்டி ரெண்டு பேரும் எறங்குங்க.”

மூலையில் அவள் அப்பா துண்டால் வாயை மூடிக்கொண்டார். அவள் அதைப் பார்க்கவில்லை. அவள் பார்த்தது ஓரத்தில் விறைத்து நின்ற பெரிய சாரை.

“பெரிய சார், படியில நிக்காதீக. உள்ள வாங்க. எங்க போகணும்?”

பெரிய சார் என்னைப் பார்த்தார். நான் கூரையைப் பார்த்தேன்.

“நரிக்குடி” என்றார், வேதம் வாசிக்கிற குரலில்.

“இது நரிக்குடி போகாது. திருச்சுழியில எறங்குங்க, பின்னாலயே ஒரு பஸ்ஸு வரும். அது கூட்டமா இருக்கும், பரவாயில்லையா?”

பெரிய சார் திரும்பித் தன் அறைக்கு நடந்தார். நானும் பிள்ளையின் அப்பாவும் பின்னால் போனோம்.

“அது விளையாட்டு” என்றார் பெரிய சார். “அத்தனையும் கொச்சை. அத நான் பேச்சுன்னு எழுத முடியாது.”

நான் அடக்கமாக இருந்திருக்கலாம். இருக்கவில்லை.

“கேட்டதுக்குப் பதில் சொன்னா சார். பதில் கேட்டுத் திரும்பக் கேள்வி கேட்டா. போன வாரம் நடந்ததா ஒண்ண முன்னபின்ன மாறாமச் சொன்னா. எனக்கு ஒரு மாதிரி, உங்களுக்கு ஒரு மரியாதையோட வேற மாதிரி பேசினா. ஆறு வயசுப் பேச்சுல இதுக்கு மேல என்ன சார் வேணும்? சுத்தத் தமிழ நம்ம ரெண்டாப்புல, மூணாப்புலன்னு சொல்லிக் கொடுப்போம். அதுக்குத்தான சம்பளம் வாங்குறோம். கொச்சைன்னா, நீங்களும் நானும் வீட்டுல என்ன பேசுறோம்?”

“நான் வீட்டுல பேசுறத வச்சு எனக்கு யாரும் மார்க்கு போடல, தம்பி.”

“போட்டா நம்ம ரெண்டு பேருக்கும் ஒண்ணாப்புதான் சார்.”

அவருக்குச் சிரிப்பு வந்ததா கோபம் வந்ததா என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது. மீசை மட்டும் அசைந்தது. என் பக்கம் பார்ப்பதை நிறுத்திவிட்டுப் பிள்ளையின் அப்பாவைப் பார்த்தார்.

“இவரு பேசுறத விடுங்க. முக்காலியில ஏறிப் பதில் சொல்லாத பிள்ளைய மேல அனுப்பி எனக்குப் பழக்கமில்ல. ஒண்ணாப்புலயே இருக்கட்டும்னு நீங்களா கேட்டுக்கிட்டதா இருக்கட்டும். என்ன சொல்றீங்க?”

பிள்ளையின் அப்பாவின் தலை எந்தப் பக்கமும் ஆடவில்லை. துண்டை உதறித் தோளில் போட்டார். “வாரேன் சார்” என்று மட்டும் சொல்லிவிட்டு வெளியே இறங்கினார்.

சம்மதமா மறுப்பா? எனக்குப் புரியவில்லை. வகுப்பை அப்படியே போட்டுவிட்டு, பங்குனி வெயிலில் அவர் பின்னால் ஓடினேன். என்னைவிட வேகமாக நடந்தார். கருவேல நிழலில் மறித்துப் பிடித்தேன். மூச்சு வாங்கியது. பெரிய சாரிடம் அவ்வளவு பேசிய வாய், இவரிடம் குழறியது. உத்தரவுப்படி யாரையும் நிறுத்தக்கூடாது, நீங்கள் கேட்காதவரை அவரால் ஒன்றும் செய்ய முடியாது, ஜூன் மாதம் நீங்களே கொண்டுவந்து இரண்டாம் வகுப்பில் உட்கார வையுங்கள், வருகிற சண்டையை நான் பார்த்துக்கொள்கிறேன் என்றெல்லாம் உளறினேன். அவர் நான் முடிக்கிறவரை தூரத்தில் தன் ஆடுகளைப் பார்த்தபடி நின்றார்.

“அய்யா, ஒரு வார்த்த சொல்லிட்டுப் போங்க” என்றேன். “அவள ஆட்டுக்கு அனுப்பிருவீகளோ?”

“ஆட்டுக்கு நான் போறேன்.”